தீபாவளி ஆன்லைன் சேல்... காலண்டரைக் கடைசியிலிருந்து பாருங்க!

"சிஸ், இன்னைக்கு ஆர்டர் போட்டா தீபாவளிக்கு முன்னாடி கைக்கு வந்துடுமா?"

இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ துணிக்கடை நடத்துகிறவர்களுக்கு அக்டோபர் மாதத்தில் அதிகம் வரும் மெசேஜ் இதுதான். "கண்டிப்பா வந்துடும் சிஸ்" என்று பதில் போட இரண்டு விநாடி போதும். ஆனால், அந்தப் பதில் உண்மையாக இருக்க வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் நான்கு கணக்குகள் சரியாக இருக்கணும். எவ்வளவு ஸ்டாக் வாங்குவது, விளம்பரத்தை எப்போது ஆரம்பிப்பது, எந்தத் தேதியோடு ஆர்டரை நிறுத்துவது, திரும்பி வரும் பார்சலை என்ன செய்வது என்பவைதான் அவை.

பெரும்பாலானவர்கள் இந்த நான்கையும் இதே வரிசையில் யோசிப்பார்கள். முதலில் சரக்கு, பிறகு விளம்பரம், கடைசியில் கூரியர். பண்டிகை விற்பனைக்கு இந்த வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும். பார்சல் எந்தத் தேதிக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்க. அந்தத் தேதிதான் உங்கள் ஸ்டாக், விளம்பரம், ரிட்டர்ன் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். ஈரோட்டில் வீட்டிலிருந்தே இன்ஸ்டா பக்கம் மூலம் விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். காட்டன் சேலைதான் முக்கியம். கூடவே கொஞ்சம் குர்த்தி, குழந்தைகளுக்கான ரெடிமேட் பட்டுப்பாவாடை. வேலை பார்ப்பது இரண்டு பேர். சாதாரண நாளில் ஐந்து ஆர்டர் வரும். இந்தக் கடை 2026 தீபாவளிக்கு எப்படித் திட்டமிடணும்?

உங்கள் தீபாவளி எந்தத் தேதியில் முடிகிறது?

2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அதனால் நவம்பர் 7 சனிக்கிழமை வரை பார்சல் டெலிவரி ஆகலாம் என்று தோன்றும். ஆனால், சேலை விற்கிறவருக்கு அந்தத் தேதி அவ்வளவாக உதவாது. காரணம், பிளவுஸ்.

சேலை கைக்கு வந்த பிறகு அதற்கு பிளவுஸ் தைக்கணும். பண்டிகைக்கு இரண்டு, மூன்று வாரம் இருக்கும்போதே பல டெய்லர்கள் "தீபாவளிக்கு இனிமே எடுக்க முடியாதும்மா" என்று சொல்லிவிடுவார்கள். அக்டோபர் 25-ம் தேதி சேலை வந்தால், அது தீபாவளிக்கு முன் வந்த சேலைதான். ஆனால், தீபாவளிக்குக் கட்ட முடியாத சேலை. அந்த வாடிக்கையாளர் ரிட்டர்ன் கேட்பார், அல்லது அடுத்த வருஷம் உங்கள் பக்கம் வரமாட்டார்.

ஆக, தைக்க வேண்டிய சேலைக்கு உண்மையான கடைசி நாள் டெய்லர் சொல்லும் நாள்தான். உங்கள் பகுதியில் இரண்டு, மூன்று டெய்லர்களிடம் "தீபாவளி ஆர்டர் எது வரைக்கும் எடுப்பீங்க?" என்று செப்டம்பரிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் உதாரணக் கடைக்குக் கிடைத்த பதில் அக்டோபர் 20-ஐ ஒட்டி என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது காலண்டரைப் பாருங்க. அக்டோபர் 18 ஞாயிறு. 19 திங்கள் ஆயுத பூஜை. 20 செவ்வாய் விஜயதசமி. வரிசையாக மூன்று நாள், கூரியர் பிக்கப்பும் டெலிவரியும் நம்ப முடியாத நாள்கள். ஆக, சேலை 17-ம் தேதி சனிக்கிழமைக்குள் போய்ச் சேரணும். தமிழ்நாட்டுக்குள் இரண்டு நாள் என்று வைத்தால் 15-ம் தேதி பார்சல் கிளம்பணும். அப்படியென்றால், பிளவுஸ் தைக்க வேண்டிய சேலைக்கு ஆர்டர் எடுக்கும் கடைசி நாள் அக்டோபர் 14, புதன்கிழமை. தீபாவளிக்கு 25 நாள் முன்பு!

அதற்குப் பிறகு சேலை விற்கக் கூடாதா? விற்கலாம். வீட்டில் இருக்கும் கான்ட்ராஸ்ட் பிளவுஸுக்கு ஏற்ற சேலை, ரெடிமேட் பிளவுஸோடு சேர்ந்த சேலை ஆகியவை 14-ம் தேதிக்குப் பிறகும் போகும். ஆனால், போஸ்ட்டில் அதைச் சொல்லியே விற்க வேண்டும்.

கூரியர் கணக்கு: சராசரியைப் பார்க்காதீங்க

டெய்லர் தேதிக்கு அடுத்தது கூரியர் தேதி. "தமிழ்நாட்டுக்குள்ள ரெண்டு நாள், வெளி மாநிலம் நாலு நாள்" என்று கூரியர் ஆபீஸில் சொல்வது சாதாரண நாள்களின் கணக்கு. பண்டிகை வாரத்தில் ஹப்பில் மூட்டை தேங்கும். வடகிழக்குப் பருவமழையும் அதே நேரத்தில்தான் வரும்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கு. போன வருஷம் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் அனுப்பிய பார்சல்களின் விவரத்தை எடுங்க. டிராக்கிங் மெசேஜ்களிலும் உங்கள் புக்கிங் நோட்டிலும் தேதி இருக்கும். அதில் ஒரு 20 பார்சலுக்கு, புக் செய்த நாளிலிருந்து டெலிவரி ஆன நாள் வரை எண்ணுங்க. 14 பார்சல் இரண்டு நாளிலும், 4 பார்சல் நான்கு நாளிலும், 2 பார்சல் ஆறு நாளிலும் போயிருந்தால், சராசரி மூன்று நாளுக்குள்தான் வரும். ஆனால், உங்களிடம் சண்டை போட்டது அந்தக் கடைசி ஆறு பேர்தான். அதனால் நான்கு நாள் என்று வைத்து, அதற்கு மேல் ஒரு நாள் கூடுதலாக விடுங்க.

முதல் வருஷம் விற்கிறீர்கள், பழைய கணக்கு இல்லை என்றால், கூரியர் கிளையில் நேராகப் போய் இரண்டு கேள்வி கேளுங்க. தீபாவளிக்கு முன் கடைசி பிக்கப் எந்த நாள்? மாலை எத்தனை மணிக்குள் பார்சலைக் கொடுத்தால் அன்றைய வண்டியில் ஏறும்? இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஆறு மணி வண்டியைத் தவறவிட்டால் ஒரு நாள் போச்சு.

இன்னொரு விஷயத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. தீபாவளிக்குச் சென்னை, கோவை, பெங்களூருவில் இருக்கிறவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். 2026-ல் நவம்பர் 6 வெள்ளிக்கிழமை சாயங்காலமே பஸ் ஏறிவிடுவார்கள். 7-ம் தேதி டெலிவரிக்குப் போகிறவர் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார். பார்சல் உங்களுக்கே திரும்பி வரும். அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து வரும் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "தீபாவளிக்கு எந்த ஊர்ல இருப்பீங்க? அந்த அட்ரஸ் கொடுங்க." வாட்ஸ்அப் பிசினஸில் இதை க்விக் ரிப்ளையாகப் போட்டு வைத்தால் தினமும் டைப் செய்ய வேண்டாம்.

இதையெல்லாம் சேர்த்தால், நம் கடையின் கடைசி நாள் பட்டியல் இப்படி வரும்:

- பிளவுஸ் தைக்க வேண்டிய சேலை, தமிழ்நாட்டுக்குள்: அக்டோபர் 14, புதன்
- வெளி மாநில ஆர்டர்கள், எதுவாக இருந்தாலும்: அக்டோபர் 27, செவ்வாய்
- கேஷ் ஆன் டெலிவரி, தமிழ்நாட்டுக்குள்: அக்டோபர் 28, புதன்
- முன்பணம் கட்டிய ரெடிமேட் ஆர்டர்கள், தமிழ்நாட்டுக்குள்: நவம்பர் 2, திங்கள்
- அதற்குப் பிறகு: ஈரோட்டிலேயே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறவர்களுக்கு மட்டும்

வெளி மாநிலத்துக்கு 14-ம் தேதிக்குப் பிறகு அனுப்பும் சேலைக்கும் 'ரெடிமேட் பிளவுஸ் இருந்தால் மட்டும்' என்ற அதே வரியைச் சேர்த்துவிடுங்க.

ஒரு எச்சரிக்கை. "தீபாவளிக்கு முன் டெலிவரி" என்று போஸ்ட்டில் போடுவதை வெறும் விளம்பர வரியாக நினைக்காதீங்க. 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, சொன்ன தேதிக்குப் பிறகு பொருள் வந்தால் அதைத் திரும்ப எடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. வெள்ளம் போன்ற யார் கையிலும் இல்லாத காரணங்களுக்கு மட்டுமே விலக்கு. பொழுதுபோக்காக எப்போதோ ஒன்றை விற்பவருக்கு இது பொருந்தாது. தொடர்ந்து தொழிலாக விற்பவர்களுக்குத்தான். அதனால் காப்பாற்ற முடிகிற தேதியை மட்டும் சொல்லுங்க.

ஒரு நாளைக்கு எத்தனை பார்சல் கட்ட முடியும்?

ஸ்டாக் வாங்கப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு டெஸ்ட் செய்து பாருங்கள். ஒரு சேலையை முழுசாக விரித்து, கறை, கிழிசல், நூல் இழுப்பு இருக்கா என்று பார்த்து, மடித்து, உள்கவரில் போட்டு, மேலே கூரியர் கவர் ஒட்டி, அட்ரஸ் ஒட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? இரண்டு பேர் சேர்ந்து செய்தால் ஆறு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்குப் பத்து. தினமும் நான்கு மணி நேரம் என்றால் நாற்பது பார்சல். அதுதான் உங்கள் கடையின் உச்ச வரம்பு. ஸ்டாக் எவ்வளவு இருந்தாலும், இதற்கு மேல் அனுப்ப முடியாது.

ஒரு லைவ் சேலில் 100 ஆர்டர் வந்தால் சந்தோஷம்தான். ஆனால், அதைக் கட்டி முடிக்க மூன்று நாள் ஆகும். கடைசி நாளான நவம்பர் 2 அன்று லைவ் போட்டு 100 ஆர்டர் எடுத்தால், கடைசி பார்சல் 5-ம் தேதிதான் கிளம்பும். அது போய்ச் சேரும்போது வீடு பூட்டியிருக்கும். அதனால் பெரிய லைவ்களை எல்லாம் அக்டோபர் முதல் பாதியில் முடித்துவிடுங்க. கடைசி மூன்று நாள், "இன்னைக்கு 40 ஆர்டர் மட்டும்" என்று வெளிப்படையாகச் சொல்லி நிறுத்துங்க.

மழைக்காலம் என்பதால் உள்கவரில் கஞ்சத்தனம் வேண்டாம். சேலையை முதலில் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு செல்லோடேப் ஒட்டி, அதற்கு மேல் கூரியர் கவர். கூடுதலாக ஆவது இரண்டு, மூன்று ரூபாய். நனைந்த சேலை சாயம் விட்டால் முழு நஷ்டம் உங்களுடையது.

ஸ்டாக்: இரண்டு தடவையாக வாங்குங்க

இப்போதுதான் சரக்குக் கணக்கு. நம் கடை போன தீபாவளிக்கு முந்தைய சீசனில் 270 பீஸ் விற்றது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. "இந்தக் கலர் இருக்கா?" என்று கேட்டு, இல்லாமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. பழைய சாட்டில் 'சோல்டு அவுட்' என்று தேடினால், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்று தெரியும். அப்படி 80 பேர் இருந்தால், கேட்ட எல்லோரும் வாங்கியிருக்க மாட்டார்கள். பாதி என்று வைத்தால் 40. ஆக மொத்தம் 310 பீஸ். இதில் 250 சேலை, 60 ரெடிமேட்.

250 சேலையையும் ஒரே தடவையில் வாங்க வேண்டாம். சேலை ஒன்று 480 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், முதலில் 170 சேலை எடுங்க. முதலீடு 81,600 ரூபாய். இது செப்டம்பர் 18-க்குள் கைக்கு வந்துவிட வேண்டும். இதில் பெரும்பகுதி, போன சீசனில் ஏற்கெனவே ஓடிய ரகமாக இருக்கட்டும். புது டிசைன்கள் நாலு, ஐந்து. ஒவ்வொன்றிலும் எட்டு, பத்து பீஸ் போதும். கறுப்பு நிறத்தைப் பண்டிகைக்கு எடுக்காத குடும்பங்கள் நிறைய. மற்ற மாதங்களில் கறுப்பு காட்டன் நன்றாக ஓடுகிறதே என்று அதே அளவில் இப்போது வாங்கினால் தேங்கிவிடும்.

செப்டம்பர் 21-ல் விற்பனையை ஆரம்பித்து, அக்டோபர் 1 அன்று உட்கார்ந்து எண்ணுங்க. பத்து நாளில் ஒரு டிசைனில் பாதிக்குப் பாதி போயிருந்தால் அதுதான் மறுபடி வாங்க வேண்டிய டிசைன். பத்து பீஸில் ஒன்று மட்டும் போயிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தொட வேண்டாம். மீதி 80 சேலைக்கான 38,400 ரூபாயை இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு செலவு செய்யுங்கள். ஈரோடு ஜவுளிச் சந்தை செவ்வாய்க்கிழமை கூடும் என்பதால் அக்டோபர் 6 சரியான நாள். இளம்பிள்ளை மாதிரி வேறு ஊரிலிருந்து வரவழைக்கிறீர்கள் என்றால் 1-ம் தேதியே ஆர்டர் சொல்லிவிடணும். அதற்கு மேல் தாமதமானால் 14-ம் தேதிக் கெடுவுக்குள் விற்க முடியாது.

மொத்த வியாபாரியிடம் வாங்கும்போதே, "விக்காத பீஸை வேற கலருக்கு மாத்திக் கொடுப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்க. பணம் திருப்பித் தரும் பழக்கம் மொத்தக் கடைகளில் அரிது. கலர் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால், தீபாவளிக்குப் பிறகு போய்க் கேட்டால் நடக்காது.

இன்னொரு தலைவலி, ஒரே சேலையை இரண்டு பேருக்கு விற்றுவிடுவது. ஸ்டோரியைப் பார்த்து ஒருவர் இன்ஸ்டாவில் கேட்பார், ஸ்டேட்டஸைப் பார்த்து இன்னொருவர் வாட்ஸ்அப்பில் கேட்பார். இரண்டு பேர் இரண்டு போனில் பதில் சொல்லும்போது இது நிச்சயம் நடக்கும். ஒரே ஒரு ஷீட். அதில் எண்ணைக் குறைத்த பிறகுதான் 'கன்ஃபார்ம்' என்ற வார்த்தை. பேமென்ட் வந்தால்தான் புக்கிங். அரை மணி நேரத்துக்கு மேல் யாருக்காகவும் எடுத்து வைப்பதில்லை என்பதை முதலிலேயே எழுதிப் போட்டுவிடுங்க. கூட்டம் அதிகமான நாள்களில் போலி பேமென்ட் ஸ்கிரீன்ஷாட்டும் வரும். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து பார்சல் கட்டாதீங்க. உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியிருக்கா என்று மட்டும் பாருங்க.

விளம்பரம்: சம்பள நாளைப் பிடிங்க

தீபாவளி நவம்பர் 8 என்பதால் நவம்பர் 1 சம்பளம் வந்ததும் விற்பனை பிய்த்துக்கொண்டு போகும் என்று நினைப்போம். கடைத்தெருவில் அது நடக்கும். ஆன்லைன் சேலைக் கடைக்கு அந்தச் சம்பளம் கிட்டத்தட்டப் பயன்படாது. நம் கடைசி நாளே நவம்பர் 2. அதனால் நமக்கான சம்பளம் அக்டோபர் 1-ம் தேதி வருவதுதான். அதற்குப் பத்து நாள் முன்பே சேலைகள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். செப்டம்பர் 21-ல் ஆரம்பிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

முதல் கட்டம், செப்டம்பர் 21 முதல் அக்டோபர் 14 வரை. இந்த மூன்றரை வாரமும் பேச்சு சேலையைப் பற்றி மட்டும். "50% தள்ளுபடி" என்று கத்த வேண்டாம். நவராத்திரியை ஒட்டி பெரிய தளங்கள் எல்லாம் தள்ளுபடியைக் கொட்டும் நேரம் அது. விலையில் அவர்களோடு போட்டி போட முடியாது. நீங்கள் சொல்லக்கூடிய, அவர்கள் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு: "14-ம் தேதிக்குள் வாங்கினால் பிளவுஸ் தைக்க நேரம் இருக்கு." வாங்குகிறவருக்கு உண்மையிலேயே பயன்படும் அவசரம் இது.

இரண்டாவது கட்டம், அக்டோபர் 15 முதல் 28 வரை. ரெடிமேட் பிளவுஸோடு சேலை, வெளி மாநிலத்துக்கான கடைசி நாள் நினைவூட்டல். போனஸ் வரும் நேரமும் பெரும்பாலும் இதுதான். மூன்றாவது கட்டம், நவம்பர் 2 வரை. சேலையைப் பின்னால் தள்ளிவிட்டு குர்த்தியையும் பட்டுப்பாவாடையையும் முன்னால் கொண்டுவாங்க. போட்டவுடன் உடுத்தக்கூடியது மட்டும்தான் அந்த வாரத்துச் சரக்கு. பட்டுப்பாவாடைக்கு வயதை மட்டும் போடாமல் நீளத்தையும் இடுப்பளவையும் இன்ச்சில் எழுதுங்கள். இந்தக் கட்டத்தில் அளவு தப்பினால், மாற்றிக் கொடுக்க நேரம் இருக்காது.

தள்ளுபடி தருவதென்றால் ஒரு ஒழுங்கு வேண்டும். முதல் வாரத்தில் 799-க்கு வாங்கியவர், மூன்றாவது வாரத்தில் அதே சேலையை 649-க்குப் பார்த்தால் ஏமாந்துவிட்டதாக நினைப்பார். முதலில் வருகிறவர்களுக்குத்தான் சலுகை. கடைசியில் வருகிறவர்களுக்கு முழு விலை. வாடிக்கையாளர்கள் சீக்கிரம் வாங்கவும் இது பழக்கும்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் ஒரு நுணுக்கம். உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேவ் செய்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த மெசேஜ் போகும். 250 பேரை லிஸ்ட்டில் சேர்த்துவிட்டு, "ஒருத்தரும் பதில் போடலையே" என்று நினைப்பவர்கள் பலர். ஆகஸ்ட், செப்டம்பரில் அனுப்பும் ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: "நம்பரை சேவ் பண்ணுங்க, தீபாவளி சேலைகளை முதல்ல உங்களுக்குக் காட்டுறோம்."

போட்டோவும் விளம்பரத்தோடு சேர்ந்ததுதான். ட்யூப்லைட்டில் எடுத்த மெரூன், பகல் வெளிச்சத்தில் அரக்குச் சிவப்பாக இருக்கும். ஃபில்டர் இல்லாமல், ஜன்னல் பக்கத்தில் பகலில் எடுத்த ஒரு வீடியோவை ஒவ்வொரு சேலைக்கும் போடுங்க. "போட்டோவுல பார்த்த கலர் இல்ல" என்ற ரிட்டர்ன் புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

கேஷ் ஆன் டெலிவரி: லாபத்தைத் தின்னும் இடம்

ஒரு சேலை 799 ரூபாய், டெலிவரி இலவசம். வாங்கிய விலை 480, கூரியர் 60, பேக்கிங் 15, விளம்பரச் செலவு ஓர் ஆர்டருக்கு 60. மொத்தச் செலவு 615. கையில் நிற்பது 184 ரூபாய். முன்பணம் கட்டிய பத்து ஆர்டர் என்றால் 1,840 ரூபாய் லாபம்.

அதே பத்தும் கேஷ் ஆன் டெலிவரி என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கூரியர் வாங்கும் கட்டணம் 40 ரூபாய் என்றால், ஒரு சேலைக்கு லாபம் 144 ஆகிறது. பத்தில் மூன்று பார்சல் வாங்கப்படாமல் திரும்பி வந்தால், ஏழு சேலையில் கிடைப்பது 1,008 ரூபாய். திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போகக் கூரியர் 60, வரக் கூரியர் 60, பேக்கிங் 15, விளம்பரம் 60 என 195 ரூபாய் நஷ்டம், மூன்றுக்கும் 585. மிச்சம் 423 ரூபாய்தான். பத்து பார்சல் கட்டி, ஏழு சேலை விற்று, 423!

இதையே வேறு மாதிரி செய்யலாம். முன்பணம் கட்டுகிறவர்களுக்கு 50 ரூபாய் குறைப்பு என்று அறிவித்தால், லாபம் 134 ஆகிறது. பத்தில் மூன்று பேர் "எனக்குக் கேஷ் ஆன் டெலிவரிதான் வேணும்" என்று போய்விட்டாலும், ஏழு ஆர்டரில் 938 ரூபாய் நிற்கும். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம்; ஆனால் இந்தக் கணக்கை உங்கள் விலையில் ஒருமுறை போட்டுப் பாருங்க.

பண்டிகை நேரத்தில் இப்படித் திரும்பி வருவது கூடுவதற்குக் காரணம் இருக்கு. சிலர் இரண்டு, மூன்று கடையில் ஆர்டர் போட்டு, முதலில் வருவதை வாங்கிக்கொண்டு மற்றதை மறுத்துவிடுவார்கள். சிலர் ஊருக்குப் போயிருப்பார்கள். திரும்பும் பார்சல் உங்கள் கைக்கு வரும்போது தீபாவளியே முடிந்திருக்கும். டெலிவரி ஆனவற்றின் பணமும் கூரியர் நிறுவனத்திடமிருந்து உங்களுக்கு வர நாளாகும். அதை நம்பி இரண்டாவது தடவை சரக்கு வாங்கத் திட்டமிடக் கூடாது. கேஷ் ஆன் டெலிவரியை முழுசாக நிறுத்த முடியாது என்றால், 100 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு மீதியை டெலிவரியில் வாங்குங்க. வேண்டாதவர்கள் அந்த இடத்திலேயே விலகிவிடுவார்கள்.

ரிட்டர்ன்: விற்கும் முன்பே எழுதி வையுங்க

"நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்" என்று போட்டுவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. கிழிந்த சேலை, காட்டியதற்கு மாறான சேலை, சொன்ன தேதி தாண்டி வந்த சேலை ஆகியவற்றை மேலே சொன்ன விதிகளின்படி நீங்கள் மறுக்க முடியாது. "பிடிக்கலை" என்ற காரணத்துக்கு மட்டும்தான் உங்கள் கடையின் விதி செல்லும்.

நம் கடை நாலு வரியில் எழுதிக்கொள்ளலாம். டேமேஜ் என்றால், பார்சல் பிரிக்கும் வீடியோவோடு 48 மணி நேரத்துக்குள் சொல்லணும். இரு வழிக் கூரியர் செலவும் கடையுடையது. பிடிக்கவில்லை என்றால் மாற்று மட்டும். அனுப்பும் செலவு வாடிக்கையாளருடையது. பிளவுஸ் பிட் வெட்டியிருந்தாலோ, ஃபால்ஸ் தைத்திருந்தாலோ, குஞ்சம் கட்டியிருந்தாலோ இந்த மாற்று இல்லை. பண்டிகை ஆர்டர்களுக்கான மாற்று நவம்பர் 11 முதல் 20 வரை. இந்த நாலு வரியும் பேமென்ட் விவரம் அனுப்பும் அதே மெசேஜில் போகட்டும். ஹைலைட்டில் போட்டு வைத்தால் யாரும் பார்ப்பதில்லை.

பிரிக்கும் வீடியோ இல்லை என்பதற்காக மட்டும் உண்மையான டேமேஜை மறுக்காதீங்க. அதற்கு உங்கள் பக்கம் ஓர் ஆதாரம் இருந்தால் நல்லது. பேக் செய்யும்போது சேலையை விரித்துக் காட்டும் பத்து விநாடி வீடியோவை எடுத்து, ஆர்டர் எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள். யார் சொல்வது சரி என்பது அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

டேமேஜுக்கு மாற்றுத் தர, நன்றாக ஓடும் ஒவ்வொரு டிசைனிலும் ஒரு பீஸை விற்காமல் தனியாக எடுத்து வையுங்கள். பண்டிகைக்கு முன் டேமேஜ் புகார் வந்தால் உடனே அனுப்ப அதுதான் கைகொடுக்கும். பணத்திலும் அப்படித்தான். மொத்த விற்பனை இரண்டரை லட்சம் ரூபாய் என்றால், அதில் 12,000 ரூபாயையாவது நவம்பர் 20 வரை தொடாமல் வைத்திருங்கள். தீபாவளி முடிந்த கையோடு எல்லாப் பணத்தையும் மொத்தக் கடைக்குக் கட்டிவிட்டு, ரீஃபண்ட் கேட்கிறவரிடம் "அடுத்த வாரம் தர்றேன் சிஸ்" என்று சொல்லும் நிலை வரக் கூடாது.

மிஞ்சிய சேலையை நவம்பர் 9-ம் தேதியே அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியதில்லை. காட்டன் சேலை பொங்கலுக்கு மறுபடி ஓடும். தேங்கியதில் எது டிசைன் பிடிக்காமல் நின்றது, எது 14-ம் தேதிக்குப் பிறகு வந்ததால் மட்டும் நின்றது என்று இரண்டாகப் பிரியுங்கள். முதல் வகையை விலை குறைத்து விற்றுவிடுங்க. இரண்டாவதை மடித்துப் பத்திரமாக வையுங்க. அப்படியே டிராக்கிங் விவரங்களையும் 'சோல்டு அவுட்' சாட்டுகளையும் அழிக்காமல் ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். அடுத்த தீபாவளிக்கு "வந்துடுமா சிஸ்?" என்று கேட்கும்போது, பார்த்துப் பதில் சொல்ல உங்களுக்கென்று ஒரு கணக்கு இருக்கும்.